லண்டன் ரெசிபி, பதுளை மைக்ரோவேவ்: வட்டிலாப்பம் எத்தனை நிமிஷம்?

 

பெருநாளுக்கு முன்னுக்கு ஒரு வொய்ஸ் மெசேஜ் நம்ம ஊர் பெண்கள் குரூப்களில் சுற்றியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். லண்டனில் இருக்கும் ஒரு லாத்தா மைக்ரோவேவில் வட்டிலாப்பம் செய்யும் முறையைச் சொல்லியிருந்தா. ஐந்து முட்டை, கால் கிலோ கித்துல் கருப்பட்டி, ஒரு கப் கட்டித் தேங்காய்ப்பால், ஏலம், கொஞ்சம் சாதிக்காய். ஆழமில்லாத கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி, பாதி பவரில் எட்டு நிமிஷம், பிறகு மூடிப் பத்து நிமிஷம் அப்படியே வை என்று முடித்திருந்தா. அதைக் கேட்டுச் செய்த சிலருக்கு நல்லா வந்தது. சிலருக்கு நடுவில் தண்ணியாக நின்றது. ஒரு வீட்டில் ஓரமெல்லாம் ரப்பர் மாதிரி ஆகி, தண்ணீர் தனியாகப் பிரிந்து போனது.

எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "டீச்சர், எட்டு நிமிஷம்தானே சொன்னாங்க?"

எட்டு நிமிஷம் லண்டன் மெஷினுக்கு. அந்த லாத்தாவிடம் விசாரித்துப் பார்த்தால் அவவுடையது 900 வொட். நம்ம பக்கம் பல வீடுகளில் இருப்பது 700 வொட். 2022இல் காஸ் வரிசையில் நாள் கணக்கில் நின்ற காலத்துக்குப் பிறகு, கரண்டில் வேலை செய்யும் ஏதாவது ஒன்று வீட்டில் இருக்கட்டும் என்று வாங்கியவர்கள் நிறைய. வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய மெஷின்களும் இருக்கு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு.

முதலில் உங்கள் மெஷினின் பின்பக்கம் அல்லது கதவைத் திறந்தால் உள்ளே ஒட்டியிருக்கும் லேபலைப் பாருங்கள். அதில் இரண்டு வொட் கணக்கு இருக்கும். பெரியது, 1100, 1200 என்று இருப்பது, சுவரிலிருந்து மெஷின் இழுக்கும் கரண்ட். அதை விட்டுவிடுங்கள். சிறியது, அவுட்புட் என்று போட்டிருப்பது, சாப்பாட்டுக்குள் போகும் சூடு. நமக்கு வேண்டியது அதுதான். பெரிய இலக்கத்தைப் பார்த்து "எங்கட 1200 வொட், லண்டனை விடப் பெருசு" என்று நேரத்தைக் குறைத்தவர்களின் வட்டிலாப்பம்தான் பெரும்பாலும் தண்ணியாக நின்றது.

கணக்கு எளிது. ரெசிபியின் நேரத்தை ரெசிபியின் வொட்டால் பெருக்கி, உங்கள் வொட்டால் வகுக்க வேண்டும். 900 வொட்டில் ஆறு நிமிஷம் என்றால், 700 வொட்டில் 6 × 900 ÷ 700. விடை 7.7. இது ஏழு நிமிஷம் எழுபது செக்கன் இல்லை! வகுப்பில் வருஷா வருஷம் சொல்லும் அதே விஷயம்தான். நிமிஷத்தைச் செக்கனாக மாற்றிக்கொண்டு செய்தால் இந்தக் குழப்பமே வராது. 360 × 900 ÷ 700 = 463 செக்கன், அதாவது ஏழு நிமிஷம் 43 செக்கன்.

ஆனால் லேபலில் இருப்பது கம்பெனி பரிசோதனையில் வந்த கணக்கு. உங்கள் வீட்டுச் சுவரில் வரும் கரண்ட் வேறாக இருக்கலாம். என்னோடு படிப்பிக்கும் ஒரு டீச்சர் பசறைப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறா. கம்பி வரிசையின் கடைசியில் அவங்க வீடு. மாலையில் எல்லா லயத்திலும் லைட்டும் ரைஸ் குக்கரும் போட்டால் வோல்டேஜ் விழும். பல்ப் மங்குவதே கண்ணுக்குத் தெரியும். அந்த நேரம் மைக்ரோவேவும் மெலிந்துதான் வேலை செய்யும். வயதான மாமியார் இருக்கும் வீடு. சரியாக வேகாத முட்டையை அவருக்குக் கொடுக்கப் பயந்து, மெஷினை வெறும் தேத்தண்ணி சூடாக்க மட்டும் வைத்திருந்தா.

அவவுடைய மெஷினின் உண்மையான பலத்தை நாங்கள் தண்ணீரை வைத்து அளந்தோம். நீங்களும் செய்யலாம். ஒரு லீற்றர் பைப் தண்ணீரை மெல்லிய பிளாஸ்டிக் பாத்திரத்தில் எடுங்கள். ஆய்வுகூடத்தில் பாவிக்கும் 100 டிகிரி வரை உள்ள தேர்மோமீற்றரால் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் பார்க்கும் தேர்மோமீற்றர் இதற்கு வேண்டாம். தேர்மோமீற்றரை வெளியே எடுத்துவிட்டு, முழுப் பவரில் சரியாக இரண்டு நிமிஷம் ஓட விடுங்கள். எடுத்த உடனே கலக்கி மறுபடி அளவுங்கள். எத்தனை டிகிரி உயர்ந்ததோ அதை 35ஆல் பெருக்குங்கள். அதுதான் உங்கள் மெஷினின் வொட். ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4200 ஜூல் வேண்டும், அதை 120 செக்கனால் வகுத்தால் 35. பாத்திரம் கொஞ்சம் சூட்டை எடுத்துக்கொள்வதால் விடை சற்றுக் குறைவாகவே வரும், பரவாயில்லை.

டீச்சர் வீட்டில் மத்தியானம் தண்ணீர் 20 டிகிரி உயர்ந்தது, 700 வொட். லேபலும் அதையே சொன்னது. மாலை ஆறரைக்கு மறுபடி செய்தோம். 18 டிகிரி மட்டும்தான், 630 வொட். பத்தில் ஒரு பங்கு எங்கேயோ தோட்டத்துக் கம்பியில் போய்விட்டது.

இப்போது வட்டிலாப்பத்துக்கு வருவோம். லண்டன் லாத்தா பாதிப் பவர் என்று சொன்னா. 900இல் பாதி 450 வொட். சாதாரண மெஷின்களில் பாதிப் பவர் என்றால் மெல்லிய சூடு இல்லை. கொஞ்ச நேரம் முழுப் பலத்தில் ஓடும், கொஞ்ச நேரம் சும்மா சுற்றும், மாறி மாறி. காதை வைத்துக் கேட்டால் அந்த உறுமல் வருவதும் நிற்பதும் கேட்கும். சராசரியாகப் பார்த்தால்தான் 450.

இதை மாலை நேர 630 வொட்டுக்கு மாற்ற இரண்டு வழி. பாதிப் பவரிலேயே வைத்தால் 315 வொட்; நேரம் 480 × 450 ÷ 315 = 686 செக்கன், பதினொன்றரை நிமிஷத்துக்குக் கிட்ட. அல்லது பவரைக் கூட்டி 70 வீதத்தில் வைத்தால் 441 வொட். நேரம் 490 செக்கன், எட்டு நிமிஷம் பத்து செக்கன். முட்டை சேர்ந்த சாப்பாட்டுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். சராசரி வொட் ரெசிபியோடு ஒத்துப் போனால், நடுவுக்குச் சூடு போய்ச் சேரும் வேகமும் ஒத்துப் போகும். உங்களிடம் 1000 வொட் மெஷின் இருந்தால் இது இன்னும் முக்கியம். பாதிப் பவரில் நேரத்தைக் குறைக்காமல், பவரை 40, 45 வீதத்துக்கு இறக்குங்கள். அவசரமாகச் சூடாக்கினால் ஓரம் 90 டிகிரியைத் தாண்டும்போதும் நடு பச்சையாகவே இருக்கும்.

ஏன் அப்படி? மைக்ரோவேவ் உள்ளிருந்து வேகவைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அந்த அலை இப்படிப்பட்ட கலவைக்குள் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் போவதற்குள் பலம் குறைந்துவிடும். அதற்கு உள்ளே இருக்கும் பகுதி, வெளிப்பகுதியிலிருந்து கைமாறி வரும் சூட்டால்தான் வேகிறது. அது மெதுவான வேலை. மெஷின் டிங் என்று நின்றபோது ஓரம் 85 டிகிரியில் இருந்தால், நடு 70க்கு முன்பின்னாக இருக்கும். முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டிக் கலவை இறுகுவதற்கு 80 டிகிரிக்குக் கிட்ட வேண்டும். அந்தக் குறைச் சூடு ஓரத்திலேயே இருக்கிறது, நடுவுக்கு நடந்து போக நேரம் கொடுத்தால் போதும். பத்து நிமிஷம் மூடி வை என்று சொன்னது அதற்காகத்தான். ஆற வைப்பதற்கு இல்லை. அதுவும் சமையல்தான்.

அந்தப் பத்து நிமிஷத்தை வொட்டுக்கு ஏற்ப மாற்றவும் கூடாது. மெஷின் ஓடும் நேரம் மெஷினைப் பொறுத்தது. வைத்திருக்கும் நேரம் பாத்திரத்தின் தடிப்பைப் பொறுத்தது. 630 வொட்டோ 1000 வொட்டோ, நாலு சென்ரிமீற்றர் தடிப்புக்குப் பத்து நிமிஷம்தான். சின்னச் சின்னக் கப்பில் ஊற்றினால் ஐந்து போதும். ஆழமான சட்டி என்றால் அது இந்த வேலைக்குச் சரியில்லை; தடிப்பு இரண்டு மடங்கானால் சூடு உள்ளே போக ஏறக்குறைய நாலு மடங்கு நேரம் எடுக்கும், அதற்குள் ஓரம் ஆறிவிடும்.

எப்போது நிறுத்துவது என்று பாருங்கள். பாத்திரத்தை மெல்ல ஆட்டினால் ஓரம் இறுகியிருக்க வேண்டும், நடுவில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை வாயளவு இடம் ஜெலி மாதிரி ஆட வேண்டும். தண்ணீர் அலை மாதிரி ஆடினால் காணாது. எதுவுமே ஆடவில்லை என்றால் கூடிப்போச்சு, வைத்திருக்கும் நேரத்தில் இன்னும் வெந்து தண்ணீர் விடும். (சின்னச் சின்ன ஓட்டை விழுவது வேறு. எங்கள் உம்மாமார் ஓட்டை இல்லாத வட்டிலாப்பத்தை வட்டிலாப்பம் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.) எடுத்ததும் ஒரு தட்டால் மூடி, மடித்த துவாயின் மேல் வையுங்கள். சீமெந்துத் தட்டில் நேரே வைத்தால், ஹப்புத்தளை, பண்டாரவளைக் குளிரில் அடிப்பக்கச் சூட்டைக் கல் குடித்துவிடும். பத்து நிமிஷம் கழித்து நடுவில் கத்தி விட்டால் சுத்தமாக வர வேண்டும். தேர்மோமீற்றர் இருந்தால் நடுவில் 75 டிகிரிக்குக் குறையாமல் இருக்கட்டும். முதியவர்கள், கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள் சாப்பிடும் வீட்டில் இதைக் கட்டாயம் பாருங்கள். காணாவிட்டால் அதே பவரில் 30 செக்கன், மறுபடி மூடி மூன்று நிமிஷம். எடுத்த எடுப்பிலே இரண்டு நிமிஷம் கூட்டி வைக்க வேண்டாம்.

மலைநாட்டில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், அதனால் கணக்கு மாறாதா என்று டீச்சரின் மகன் கேட்டான். நல்ல கேள்வி. பதுளையில் 98 டிகிரிக்குக் கிட்டவும், ஹப்புத்தளையில் 95 அளவிலும் கொதிக்கும். வட்டிலாப்பம் அதற்கு எவ்வளவோ கீழேயே இறுகிவிடுவதால் பாதிப்பில்லை. வெலிமடைக் கிழங்கை முழுசாக வேகவைப்பதென்றால் ஒன்றிரண்டு நிமிஷம் கூடலாம். கிழங்கையும் நடுவில் கொஞ்சம் கடினமாக இருக்கும்போதே எடுத்து, மூடி ஐந்து நிமிஷம் வையுங்கள்.

இன்னொன்று. இந்த வொட் கணக்கு அதே அளவு சாப்பாட்டுக்கு மட்டும்தான். பத்து முட்டைக்குச் செய்யப் போகிறவர்கள் நேரத்தை இரண்டால் பெருக்காமல், இரண்டு பாத்திரமாக ஒன்றன் பின் ஒன்றாகச் செய்யுங்கள். டீச்சர் அப்படித்தான் செய்தா, 70 வீதத்தில் எட்டு நிமிஷம் பத்து செக்கன், இரண்டு தடவை. முதல் பாத்திரம் மூடியிருக்கும் நேரத்தில் இரண்டாவது உள்ளே ஓடியது. நடுவில் 79 டிகிரி காட்டியது. மாமியார் இரண்டு துண்டு சாப்பிட்டார்.

மாலைக் கரண்டுக்கு ஒன்று, மத்தியானக் கரண்டுக்கு ஒன்று என்று இரண்டு நேரத்தையும் எழுதி மெஷினின் பக்கத்தில் டேப்பால் ஒட்டியிருக்கிறா.