மஞ்சள் கோப்பைதான் முதலில் கெடும்

மூன்று வயதுப் பிள்ளைகளிடம் மூன்று நிறத் தண்ணீரையும் கரண்டியையும் கொடுத்துப் பாருங்கள். முதலில் கெடுவது மஞ்சள் கோப்பைதான். நீலத்தில் எதை ஊற்றினாலும் அது பெரும்பாலும் நீலமாகவே நிற்கும். சிவப்பும் அப்படித்தான், கொஞ்சம் இருண்டாலும் பிள்ளை கண்ணுக்குச் சிவப்புதான். மஞ்சளில் மட்டும் நீலம் ஒட்டிய கரண்டியின் நுனி பட்டுவிட்டால் போதும், ஒரு கிளறலில் வாழை இலைக் குருத்து நிறத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு அன்றைக்கு மேசையில் சுத்தமான மஞ்சள் கிடையாது. மஞ்சள் இல்லையென்றால் ஆரஞ்சும் இல்லை, புதிதாகப் பச்சை பிறப்பதைக் காட்டவும் வழியில்லை.

பெக்கான் நானாஸில் நான் வேலை செய்யும் தஸ்காவில் நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள்தான். தண்ணீர் விளையாட்டுக்கு நான் செய்யும் முன்னேற்பாடுகளில் பாதி, அந்த மஞ்சளைக் காப்பாற்றுவதற்கானவை.

முதல் ஏற்பாடு, கோப்பைக்கு ஒரு கரண்டி. கோப்பையின் நிறத்திலேயே கரண்டியின் கைப்பிடியிலும் டேப் சுற்றிவிடுவேன். மூன்று வயதில் நிறத்தின் பெயர் பல பிள்ளைகளுக்கு இன்னும் தடுமாறும். பச்சையைக் காட்டி நீலம் என்பார்கள். ஆனால் ஒரே மாதிரி இருப்பதைச் சேர்த்து வைக்கச் சொன்னால் சரியாகச் செய்வார்கள். அதனால் "மஞ்சள் கரண்டியை எடு" என்று நான் சொல்வதில்லை. "இந்தக் கரண்டி வீடு எங்கே?" என்றால் தானாகப் போய்ச் சேரும்.

கரண்டி எது என்பதும் முக்கியம். தேக்கரண்டி கூடாது. கைப்பிடி நீளம், வாய் தட்டை. பிள்ளை அதைத் தூக்கிக் கோப்பைக்குக் கொண்டுபோவதற்குள் மணிக்கட்டு சாய்ந்து பாதி மேசையில் கொட்டிவிடும். எங்கள் ஊர்ச் சீனக் கடைகளில் சூப் குடிக்கத் தருவார்களே, கைப்பிடி குட்டையாக, வயிறு ஆழமாக, அடி தட்டையாக ஒரு கரண்டி, அதுதான் சரி. கீழே வைத்தாலும் கவிழாமல் உட்காரும். பீங்கானில் வேண்டாம், கடைகளில் பிளாஸ்டிக்கிலேயே கிடைக்கிறது. கோப்பை குட்டையாக, வாய் அகன்று, கண்ணாடி போலத் தெளிவாக இருக்கவேண்டும். அடியில் ஒரு வெள்ளைத் தாள். நெகிழ்வான மெல்லிய கோப்பையென்றால் பிள்ளை பிடிக்கும் பிடியிலேயே நசுங்கித் தண்ணீர் பீறிடும்.

அடுத்தது கரைசல். போஸ்டர் கலரை நேராகக் கோப்பையில் பிதுக்கினால் அது கட்டியாக அடியில் போய்க் கிடக்கும். முந்தின நாளே மூடி உள்ள போத்தலில் போட்டுக் குலுக்கி வைத்துக்கொள்வேன். 100 மில்லி தண்ணீருக்கு மஞ்சள் ஒரு தேக்கரண்டி, நீலம் அதில் கால்வாசி. இரண்டையும் ஒரே அளவு போட்டால் நீலம் மஞ்சளை விழுங்கிவிடும், ஏனென்றால் பெட்டியில் வரும் நீலங்கள் பொதுவாக மஞ்சளைவிடப் பல மடங்கு வலுவானவை. போஸ்டர் கலர் தண்ணீரில் கரைவதில்லை, தூளாக மிதக்கிறது, அவ்வளவுதான். சும்மா வைத்திருந்தால் நிறம் அடியில் படிந்து மேலே தெளிந்துவிடும். ஒரு பையன் அதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், கலர் தூங்கிருச்சி" என்றான். கிளறி எழுப்பினான். கிளற ஒரு காரணம் கிடைக்கிறதே என்று நான் அதை அப்படியே விட்டுவிட்டேன். படியவே கூடாது என்றால் சாப்பாட்டுக் கலர் போடலாம், அது உண்மையாகவே கரையும். ஆனால் விரலிலும் சட்டையிலும் நாள்கணக்கில் நிற்கும், வீட்டில் திட்டு விழும்.

இப்போது ஊற்றும் வரிசை. இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. ஒரு சிறுமி ஒருமுறை நீலக் கோப்பையை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு அதில் ஒரு கரண்டி மஞ்சள் விட்டாள். கிளறினாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு கரண்டி. அப்போதும் நீலம்தான். கோப்பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "மஞ்சள் எங்க டீச்சர்?" என்று கேட்டாள். அவள் பார்த்த அளவில் மஞ்சள் தொலைந்துபோயிற்று. நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை என்று நான் எத்தனை முறை சொன்னாலும் அவள் கண் அதற்குச் சாட்சி சொல்லாது.

நான் எதுவும் சொல்லாமல் வேறு கோப்பையில் எட்டுக் கரண்டி மஞ்சள் ஊற்றி அவள் முன்னால் நகர்த்தினேன். நீலக் கரண்டியில் ஒரே ஒரு தடவை மொண்டு, அதை மஞ்சளில் மெதுவாகச் சாய்க்கச் சொன்னேன். நீலம் ஒரு வால்போல இறங்கியது. அந்த வாலின் ஓரங்கள் முதலில் பச்சையாயின, நடுவில் இன்னும் நீலம். அவள் கிளறவில்லை, கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள். கலங்கி முடிவதற்கு முந்தின அந்தச் சில வினாடிகள்தான் பிள்ளைக்குப் பாடம், முழுப் பச்சை அல்ல. அதனால்தான் உடனே கிளறச் சொல்லும் பழக்கத்தை நான் விட்டேன். இரண்டாவது கரண்டி நீலத்தில் பச்சை ஆழமானது, மூன்றாவதிலும் நான்காவதிலும் இன்னும் இருண்டது. அவள் ஒவ்வொன்றையும் ஒரு சின்னக் கோப்பையில் கொஞ்சம் எடுத்து வரிசையாக வைத்துக்கொண்டாள். நான்கு பச்சைகள். பெயர் ஒன்றுதான், நிறம் நான்கு. வெளிறியதில் தொடங்கி இருண்டதற்குப் போனால் ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு மாற்றம் தெரியும். எதிர்ப்பக்கம் போனால் தெரியாது. பெரியவர்களே சுவருக்குப் பெயின்ட் கலக்கும்போது இதை மறந்துவிட்டு டின் டின்னாக வெள்ளை வாங்குகிறார்கள்.

ஊதா இன்னொரு தலைவலி. சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா என்று எல்லாப் பாட்டிலும் வருகிறது. பெட்டியிலிருந்து கண்ணில் பட்ட சிவப்பை எடுத்துக் கலக்கினால் வருவது சாக்கடை நிறம். ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த சிவப்பில் ஏற்கெனவே மஞ்சள் ஒளிந்திருக்கிறது. அதில் நீலம் விழுந்தால் மூன்று நிறமும் சேர்ந்துகொள்ளும், மூன்றும் சேர்ந்தால் பழுப்புதான். வாங்கும்போதே பார்த்து, ரோஜாப்பூ பக்கம் சாய்ந்த சிவப்பாக எடுக்கவேண்டும். ஐயம் இருந்தால் வெள்ளைத் தாளில் ஒரு துளி வைத்துத் தண்ணீர் விட்டு இழுத்துப் பாருங்கள். ஓரம் இளஞ்சிவப்பாக வெளிறினால் சரி, செம்மஞ்சளாக வெளிறினால் அது ஊதாவுக்கு ஆகாது.

எவ்வளவு காத்தாலும் கடைசியில் பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பையில் கொட்டத்தான் செய்வார்கள். நான் தடுப்பதில்லை, அதற்கென்று ஒரு வாளி வைத்திருக்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பழுப்பு அந்நியமும் இல்லை. அன்னாசித் தோட்டங்கள் இருக்கும் இந்தப் பக்கத்து மண் கரிச்சேற்று மண், புளிப்பு அதிகம், அன்னாசி அதைத் தாங்கும். அந்த மண்ணிலிருந்து வடியும் தண்ணீர் பால் விடாத தேநீர் நிறத்தில் பாரிட்டில் ஓடும். வாளியைப் பார்த்து "பாரிட் தண்ணி" என்று கூவாத பிள்ளை இங்கே குறைவு.

அன்னாசி ஊரில் இருந்துகொண்டு அன்னாசியை விட்டுவிட முடியுமா? ஆனால் அதைப் பச்சைப் பாடம் நன்றாகப் படிந்த பிறகு, சில வாரம் கழித்துத்தான் எடுப்பேன். வேலியில் பூக்கும் நீலச் சங்குப்பூ ஒரு கைப்பிடி, கொதித்த தண்ணீர் ஒரு கோப்பை. பெரியவர்கள் ஊற்றி, ஆறவிட்டு, வடிகட்டவேண்டும். கிளந்தான்காரர்கள் நாசி கெராபுவுக்கு ஏற்றும் அதே நீலம். இன்னொரு கோப்பையில் அன்னாசிச் சாறு, நார் இல்லாமல் துணியில் வடித்தது. நன்றாகப் பழுத்த இனிப்புப் பழத்தைவிடக் கொஞ்சம் புளிப்பான பழம் நல்லது. மூன்றாவதில் சாப்பாட்டுக் கலர் போட்ட மஞ்சள் தண்ணீர். சாறும் கலர் தண்ணீரும் பார்வைக்கு ஒரே மஞ்சளாக வரும்படி ஒத்துப் பார்த்துக்கொள்வேன், அதில்தான் விளையாட்டே இருக்கிறது.

சங்குப்பூ நீலத்தை இரண்டு கோப்பையில் பாதி பாதி ஊற்றிக் கொடுத்தேன். பச்சை வரிசை வைத்த அதே சிறுமி. முதல் கோப்பையில் மஞ்சள் தண்ணீர் விட்டாள், பச்சை வந்தது. தெரிந்த கதைதான் என்பதுபோல அடுத்ததை எடுத்தாள். இரண்டாவதில் சாற்றை விட்டாள். ஊதா. இன்னும் விட்டாள், ஊதா சிவந்தது. "இது மஞ்சள் இல்ல" என்றாள் சாற்றைக் காட்டி. அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. சங்குப்பூவின் நிறம் புளிப்புக்கு மாறும் நிறம். சாற்றின் மஞ்சள் அங்கே நிறமாக வேலை செய்யவில்லை, புளிப்பாக வேலை செய்தது. இதை மூன்று வயதுப் பிள்ளைக்கு நான் விளக்கப் போவதில்லை. இரண்டு மஞ்சளையும் முகர்ந்து பார்க்கச் சொன்னேன். முகர்ந்துவிட்டுச் சாற்றுக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அடுத்து லீமாவ் பிழிந்தால் இன்னும் சிவக்கும், சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் நீலத்துக்குத் திரும்பி, கூடினால் பச்சைக்கே போகும். ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டினால் எது எதனால் மாறியது என்று பிள்ளைக்குத் தடம் தெரியாமல் போய்விடும். ஒரு நாளைக்கு ஒரு புது ஊற்றல் போதும்.

சாற்றில் கவனிக்க ஒன்று உண்டு. அன்னாசி தோலை அரிக்கும். விரலில் கீறல் இருக்கும் பிள்ளை ஊற்றுகிற வேலையை மட்டும் செய்யட்டும், கையை உள்ளே விடவேண்டாம். அந்தக் கோப்பைகளைப் போஸ்டர் கலர் மேசைக்குக் கிட்டேயும் கொண்டுவரக் கூடாது. ஒன்றைக் குடிக்கலாம், இன்னொன்றைக் கூடாது என்கிற வித்தியாசம் அந்த வயதில் நிற்காது.

முடிந்ததும் வாளியை உடனே கவிழ்த்துவிடுவேன். சில அங்குலத் தண்ணீரே குழந்தைக்கு ஆபத்து, வாளி பக்கத்தில் இருக்கிற வரைக்கும் ஒரு பெரியவர் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. வரிசையாக வைத்த கோப்பைகளைப் பிள்ளைகள் ஜன்னலோரம் வைக்கக் கேட்பார்கள். ஓர் இரவுக்குமேல் வைக்கமாட்டேன். ஏடிஸ் கொசுவுக்கு அந்த ஒரு கோப்பைத் தண்ணீர் தாராளம், முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். கொசு வளர விட்டால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் வேறு. நான்கு பச்சைகளையும் தாளில் ஒவ்வொரு துளி விட்டுக் காயவைத்து, அம்மாவிடம் காட்ட அந்தச் சிறுமியின் கையில் கொடுத்தனுப்பிவிட்டேன்.