‘சூடு ஆறுவதற்குள் உருண்டை பிடிக்கவும்!’ - பாகு வைக்கும் வீட்டில் தெரிந்திருக்க வேண்டியவை

கார்த்திகை வந்தால் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் பொரி உருண்டை சீசன். அவல் பொரி, நெல் பொரி, அரிசிப் பொரி என்று ஒரு நாளைக்கு நாலைந்து ரெசிப்பிகள் என் ஸ்க்ரீனைக் கடந்து போகும். யார் எழுதி அனுப்பினாலும் கடைசிப் பத்தியில் ஒரு வரி மட்டும் மாறவே மாறாது: ‘கையில் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு, சூடு ஆறுவதற்குள் உருண்டை பிடிக்கவும்.’

இந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் சங்கரன்கோவிலில் இருக்கும் பெரியம்மாவின் வலது கைதான் எனக்கு நினைவுக்கு வரும். அந்தக் கைக்கு என்ன ஆனது என்று சொல்வதற்கு முன்னால், அந்தச் சூடு எவ்வளவு என்று பார்த்துவிடலாம்.

கொதிக்கிற தண்ணீரின் சூடு 100 டிகிரி செல்சியஸ். எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் அதற்கு மேல் ஏறாது. பாகு அப்படியில்லை. வெல்லத்தில் ஊற்றிய தண்ணீர் ஆவியாகப் போகப் போக, பாகு கெட்டியாகும். கெட்டியாக ஆக, சூடும் ஏறிக்கொண்டே போகும். தண்ணீரில் விட்டால் மெத்தென்று உருட்ட வருகிறதே, அந்தப் பதத்துக்கே 115 டிகிரி வாக்கில் வந்துவிடும். பொரி உருண்டைக்கு உருட்டித் தட்டில் போட்டால் ‘டங்’கென்று சத்தம் கேட்க வேண்டும் என்பார்கள். அதற்கு 120-ஐத் தாண்ட வேண்டும். கடலை மிட்டாய் போல உடைகிற பதம் என்றால் 140-க்கும் மேல். ஆக, பதம் என்று நாம் சொல்வது சூட்டின் அளவையும் சேர்த்துத்தான்.

அதைவிடப் பெரிய சிக்கல், பாகு ஒட்டிக்கொள்ளும் என்பது. வெந்நீர் பட்டால் பெரும்பகுதி வழிந்து ஓடிவிடும். பாகு பட்ட இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு, தன் சூடு முழுவதையும் தோலுக்குள் இறக்கும். உதறினாலும் போகாது. அதனால்தான் ஒரு ஸ்பூன் பாகு பட்ட காயம், ஒரு டம்ளர் வெந்நீர் பட்ட காயத்தைவிட ஆழமாகப் போய்விடுகிறது.

பெரியம்மா கையில் பட்டது எது?

மூன்று வருடங்களுக்கு முந்தைய கார்த்திகை அது. லீவுக்குப் போயிருந்தேன். பெரியம்மா நாற்பது வருடமாகப் பொரி உருண்டை பிடிக்கிறவர். அன்றைக்கும் வழக்கமான அளவுதான்: எட்டு கப் பொரிக்கு ஒன்றரை கப் வெல்லம், அரை கப் தண்ணீர். பொரியை அகலமான அன்னக்கூடையில் கொட்டி வைத்திருந்தார். பாகு பதம் வந்ததும் அதன் மேல் ஊற்றினார். கரண்டியால் இரண்டு கிளறு கிளறிவிட்டு, மாவு தொட்ட கையை உள்ளே விட்டார்.

மேலே இருந்த பொரி தொடுகிற சூட்டில்தான் இருந்தது. நாலைந்து உருண்டைகள் பிடித்தும்விட்டார். அடுத்த பிடிக்கு அடியிலிருந்து அள்ளியபோதுதான் அலறினார். ஊற்றிய பாகில் ஒரு பகுதி பொரியோடு கலக்காமல் இடுக்கு வழியாக இறங்கி, பாத்திரத்தின் அடியில் குட்டையாகத் தேங்கியிருந்தது. அது உள்ளங்கையிலும் நடு விரல், மோதிர விரல் அடியிலும் அப்பிக்கொண்டது.

இதன் காரணம் எளிதானது. ஒவ்வொரு பொரியின் மேலும் மெல்லிய பூச்சாகப் படிந்த பாகு ஒன்றிரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். தேங்கி நிற்கிற பாகு ஆறாது. சுற்றிலும் இருக்கும் பொரி போர்வை மாதிரி அந்தச் சூட்டைப் பொத்தி வைத்துக்கொள்ளும். மேலே தொட்டுப் பார்த்து அடியின் சூட்டைக் கணிக்க முடியாது. கையில் தொட்டுக்கொள்ளும் மாவும் நெய்யும் பாகு கையில் ஒட்டாமல் இருக்கத்தான். சூட்டைத் தடுப்பதற்கு அல்ல.

அடுத்த இருபது நிமிடம்

ஆச்சி “அந்தப் பேனா மைய எடுத்துட்டு வாங்கட்டி” என்றார். பக்கத்து வீட்டு அக்கா இட்லி மாவுக் கிண்ணத்தோடு ஓடி வந்தார். பெரியம்மாவோ இடது கையால் ஒட்டியிருந்த பாகைப் பிய்க்கப் போனார்.

நல்லவேளை, மதினி வீட்டில் இருந்தார். அவர் நர்ஸ். பெரியம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து நேராகக் குழாயடிக்கு இழுத்துப் போனார்.

“அத்தை, பிய்க்காதீங்க. தோலும் சேந்து வந்துரும். தண்ணியில அதுவே கரைஞ்சிரும்.”

அப்படியேதான் ஆனது. தண்ணீர் பட்டதும் பாகு முதலில் ஓடு மாதிரி இறுகியது. கொஞ்ச நேரத்தில் இளகி, பழுப்பு நிறத்தில் கரைந்து ஓடியது. வெல்லம் தண்ணீரில் கரைகிற பொருள் என்பது இங்கே நமக்குச் சாதகம். தண்ணீர் ஒரே நேரத்தில் சூட்டையும் இறக்கும், பாகையும் கரைக்கும். கரையாமல் ஒட்டி நிற்கும் துண்டை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

ஐந்து நிமிடத்தில் பெரியம்மா “போதும்ளா, எரிச்சல் கொறஞ்சிருச்சு” என்று கையை எடுத்தார். மதினி விடவில்லை. மொபைலில் இருபது நிமிடம் வைத்துவிட்டார். மேல் தோல் சீக்கிரம் குளிர்ந்துவிடும். உள்ளே இறங்கிய சூடு வெளியேற அவ்வளவு நேரம் வேண்டும். தாமதமாகிவிட்டாலும் விடக் கூடாது. பட்டு மூன்று மணி நேரத்துக்குள் இப்படிக் குளிர்வித்தாலும் பயன் உண்டு.

தண்ணீரில் வைத்திருக்கும்போதே சோப்பு போட்டு மோதிரத்தைக் கழற்றினார். வளையல்களையும் எடுத்தார். வீங்கிய பிறகு மோதிரம் விரலை இறுக்கிவிடும். வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

நான் ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் எடுத்து வரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். ஐஸ், அந்த இடத்துக்கு ரத்தம் வருவதைக் குறைத்து, ஏற்கெனவே வெந்த தோலை இன்னும் பாழாக்கும். சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும். இதில் நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது: வெயில் காலத்தில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரே சுடும். அப்போது குடத்துத் தண்ணீரை மக்கில் மொண்டு விடாமல் ஊற்றலாம். சின்னக் குழந்தை என்றால் பட்ட இடத்தில் மட்டும் ஊற்றி, மற்ற உடம்பைத் துணியால் போர்த்திவிட வேண்டும். உடம்பு முழுக்கக் குளிர்ந்துபோவது குழந்தைக்கு ஆபத்து.

மை, இட்லி மாவு, டூத்பேஸ்ட், மஞ்சள், வெண்ணெய் எதுவும் போடவில்லை. இவை சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். கிருமி சேர வழி செய்யும். மருத்துவர் காயத்தின் நிறத்தைப் பார்க்க முடியாமல் மறைத்துவிடும். சுத்தமான பருத்தித் துணியைத் தளர்வாக மூடி, ஆட்டோவில் கூட்டிப் போனோம்.

உடையின் மேல் பாகு கொட்டினாலும் முதலில் தண்ணீர்தான். ஊற்றிக்கொண்டே துணியைக் கழற்றலாம். தோலோடு ஒட்டிய பகுதியை இழுக்காமல், சுற்றி வெட்டிவிட வேண்டும்.

மருத்துவர் காட்டிய ஒன்று எனக்கு இன்னும் மறக்கவில்லை. பெரியம்மா கையில் சிவந்து கொப்புளம் வந்த இடங்கள் பயங்கரமாக எரிந்தன. உள்ளங்கை நடுவில் இரண்டு ரூபாய் நாணயம் அளவுக்கு வெளுத்துப்போன ஓர் இடத்தில் மட்டும் வலியே இல்லை. பெரியம்மா அதை நல்ல அறிகுறி என்று நினைத்தார். மருத்துவர் “அங்கதான் ஆழமா போயிருக்கு. நரம்பு முனையே வெந்துபோனதால வலி தெரியல” என்றார். கொப்புளங்கள் மூன்று வாரத்துக்குள் ஆறின. அந்த வெளுத்த இடத்துக்கு இரண்டு மாதமானது. தோல் சுருங்கி விரல் மடங்கிவிடாமல் இருக்கத் தினமும் நீட்டி மடக்கும் பயிற்சியும் செய்தார்.

அதனால் எப்போது மருத்துவரிடம் போவது என்பதற்கு வலியை மட்டும் அளவுகோலாக வைக்க முடியாது. வெளுத்தோ கருகியோ இருந்தால், பட்டவரின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தால், முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடங்களில் பட்டிருந்தால், பட்டது குழந்தை என்றால், அன்றைக்கே போக வேண்டும். பெரிய அளவில் கொட்டியிருந்தால் 108. கொப்புளத்தை வீட்டில் உடைக்கக் கூடாது. டி.டி. ஊசி தேவையா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது பெரியம்மா எப்படிச் செய்கிறார்?

பெரியம்மா இன்றைக்கும் பொரி உருண்டை செய்கிறார். அளவு அதேதான், முறைதான் மாறியிருக்கிறது.

வெல்லம் கரைந்ததுமே, தண்ணீராக இருக்கும்போதே வடிகட்டிவிடுகிறார். கெட்டியான பிறகு வடிகட்டினால் சூடும் அதிகம், வடிகட்டி அடைத்து வழியவும் செய்யும். பாகு பொங்கும் என்பதால் பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்காது. ஆடாத, கைப்பிடி உள்ள அடிகனமான பாத்திரம். இடுக்கியால் பிடித்துச் சரிக்கிற உருளியைப் பரணில் ஏற்றிவிட்டார்.

பதம் பார்க்க விரலால் பாகைத் தொடுவதில்லை. அடுப்பைக் குறைத்துவிட்டு, ஸ்பூனில் இரண்டு சொட்டு எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் விடுகிறார். பத்து எண்ணிய பிறகே உருட்டிப் பார்க்கிறார். பதம் மிஞ்சிவிட்டால் சட்டென்று பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் இல்லை. 120 டிகிரிக்கு மேல் இருக்கும் பாகில் தண்ணீர் பட்டவுடன் ஆவியாகி, பாகை முகத்தில் தெறிக்கச் செய்யும். அடுப்பை அணைத்து, கொஞ்சம் ஆறவிட்டு, வெந்நீரை ஓரமாகச் சிறிது சிறிதாக விட்டு மறுபடி சூடாக்குகிறார்.

முக்கியமான மாற்றம் இதுதான்: பொரி மேல் பாகை ஊற்றுவதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, பாகில் பொரியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, நீளக் கரண்டியால் அடியிலிருந்து புரட்டிப் புரட்டிக் கலக்கிறார். பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்தால் அடியில் பாகு ஓடக் கூடாது. பிறகு நெய் தடவிய குழிக் கரண்டியில் கலவையை எடுத்து, இன்னொரு ஸ்பூனின் முதுகால் அழுத்தித் தட்டில் கவிழ்க்கிறார். முக்கால் உருண்டை அதிலேயே வந்துவிடும். கை சூடு பொறுக்கும் நிலை வந்ததும் உருட்டி முழுதாக்குகிறார். நடுவில் கலவை இறுகிவிட்டால் சின்னத் தீயில் ஒரு நிமிடம் காட்டினால் மறுபடி இளகும். அவசரமே இல்லை.

பேரப்பிள்ளைகளுக்கு வேலை, பாகு ஆறிய பிறகுதான்: உருண்டைகளை எண்ணி டப்பாவில் அடுக்குவது. எண்ணிக்கை ஒவ்வொரு வருஷமும் குறைகிறது என்று பெரியம்மா சொல்கிறார். அதற்குக் காரணம் பாகு இல்லை.