புதன்கிழமைச் சந்தையும் ஒரு வாரத்துச் சமையலும்

தெற்கு தில்லியின் ஒரு வாடகை வீட்டில் ஆய்வு மாணவியர் மூவர் சேர்ந்து சமைத்து உண்டுவந்தனர். ஒரு குளிர்காலத்தில் அவர்களுள் இருவருக்கு உதவித்தொகை மூன்று மாதங்களாக வந்து சேரவில்லை. வாடகையைக் குறைக்க இயலாது. குறைக்கக்கூடியதாக எஞ்சியது சமையற்செலவு மட்டுமே. ஆனால், ஒருத்திக்கு இரத்தச்சோகை இருந்தமையால், காயையும் கீரையையும் விட்டுவிட்டு வெறும் பருப்புஞ்சோறாக நாளைக் கடத்தவும் வழியில்லை.

கணக்கு நோட்டைப் புரட்டியபோது பணம் போன வழி தெரிந்தது. ஜனவரியில் வெண்டைக்காய், தொலைவிலிருந்து வரும் முருங்கைக்காய், சின்ன வெங்காயம். ஊரில் உண்ட உணவை மனத்தில் வைத்து ஞாயிறன்று பட்டியல் எழுதி, அதன்படி காய் வாங்கியதே பிழை. வட இந்தியக் குளிரில் வெண்டை பருவத்துக்குரிய காயன்று. விலையும் மிகுதி, வாங்கும்போதே முற்றியும் இருந்தது. நுனியை ஒடித்தால் ஒடியாமல் வளைந்தது.

ஆகவே வரிசையை மாற்றினர். முதலில் புதன்கிழமை வாரச் சந்தை, அதன் பின்னரே பட்டியல். பட்டியலிலும் பதார்த்தங்களின் பெயர்களை எழுதாமல், ‘கீரை’, ‘குழம்புக்காய்’, ‘பொரியல்’ என்று வெற்றிடங்களை மட்டும் வைத்தனர். சந்தையில் எது குவிந்துகிடக்கிறதோ அது அந்த இடத்தை நிரப்பும். முருங்கைக்காய்ச் சாம்பாரின் இடத்தில் முள்ளங்கிச் சாம்பார் வந்தது.

முதல் வாரம் அதிலும் தவறினர். கடை கட்டும் நேரத்தில் ஒரு கட்டு பத்து ரூபாய் வெந்தயக்கீரையை, மூன்று கட்டு இருபத்தைந்து என்று கூவி விற்றனர். மூன்றையும் வாங்கிக் கழுவி, ஈரத்தோடு பையில் கட்டிவைத்தனர். வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு கட்டுகள் மஞ்சளித்து அழுகிவிட்டன. உண்ட ஒரு கட்டின் உண்மை விலை இருபத்தைந்து ரூபாய். மலிவை வாங்கிய எடையில் அளக்கக் கூடாது, உண்ட எடையில்தான் அளக்க வேண்டும் என்பதை அன்று கற்றனர்.

அடுத்த வாரம் முதல், எது முதலில் வாடுமோ அது முதலில் அடுப்பேறியது. இலை, பூ, காய், கிழங்கு என்பதே அவ்வரிசை. புதன் இரவு வெந்தயக்கீரையை நறுக்கிச் சப்பாத்தி மாவில் பிசைந்தனர். முள்ளங்கியின் இலைகளை அன்றே வெட்டிப் பிரித்தனர். இலை ஒட்டியிருந்தால் அது கிழங்கின் நீரை உறிஞ்சி, கிழங்கைத் துவளச் செய்துவிடும். அந்த இலையும் பாலக்கும் வியாழனன்று பருப்புக்கூட்டாயின. கழுவாமல் காகிதத்தில் சுற்றிவைத்த கீரை ஒரு நாள் தாங்கியது. கழுவுவது சமைக்கும் வேளையில் மட்டுமே.

பச்சைப்பட்டாணியில் வேறொரு சிக்கல். பறித்த பின் அதன் சர்க்கரை மாவாக மாறிக்கொண்டே போகும். நாள் கடந்தால் இனிப்புப் போய் மாவுத்தன்மையே எஞ்சும். எனவே புதன் இரவே மூவரும் அமர்ந்து உரித்தனர். ஒரு கிலோ காயில் ஏறத்தாழ அரைக்கிலோ மணிகளே தேறும். விலையை ஒப்பிடும்போது இதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பாதியை வெள்ளிக்கிழமைப் புலாவுக்கு வைத்து, மீதியைக் கொதிநீரில் ஓரிரு நிமிடம் இட்டு, குளிர்நீரில் ஆற்றி, உறைபெட்டியில் வைத்தனர்.

சனிக்கிழமை காலிஃபிளவர், உருளைக்கிழங்கோடு. பூ இறுக்கமாகவும் வெண்மையாகவும் இருந்தால் மூன்று நாள் பொறுக்கும். இதழ்கள் பிரியத் தொடங்கியிருந்தால் அதையே முன்னதாகச் சமைத்தனர். அதன் தண்டும் இளம் இலைகளும் பொரியலாயின. ஞாயிறு முள்ளங்கிச் சாம்பார். திங்கள் முட்டைக்கோசும் சிவப்புக் கேரட்டும். செவ்வாய் எஞ்சியவையெல்லாம் உறைந்த பட்டாணியோடு குருமா. புதன் காலை கூடை காலியாக இருக்க வேண்டும். ஏதேனும் மிஞ்சினால், அடுத்த சந்தையில் அது அவ்வளவு குறைத்து வாங்கப்பட்டது.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. ஜனவரியில் அறையே பாதிக் குளிர்பெட்டியாக இருந்தது. மே மாதம் அவ்வாறன்று; கீரை ஓர் இரவு தாங்குவதே அரிது, சந்தையிலும் சுரைக்காய், பீர்க்கங்காய், பூசணி எனத் தெரிவுகள் குறைந்தன. அப்போது வாரம் ஒரு முறை என்பதை இரு முறையாக்கினர். மழைக்காலத்தில் தக்காளி விலை ஏறியபோது ஊர்ப்புளி கைகொடுத்தது.

உதவித்தொகை பிப்ரவரி இறுதியில் மொத்தமாக வந்து சேர்ந்தது. அந்த வாரம் வெண்டைக்காய் வாங்கலாம் என்று ஒருத்தி சொன்னாள். மூவரும் சந்தைக்குப் போய், ஒரு காயின் நுனியை ஒடித்துப் பார்த்தனர். வளைந்தது. பட்டாணியையே வாங்கிக்கொண்டு திரும்பினர்.