என் முப்பத்தாறு அவர்களுக்கு நாற்பது

மியூனிக்கில் ஒரு துணிக்கடையின் ட்ரையல் ரூமில், இரண்டு கைகளும் தலைக்கு மேலே தூக்கிய நிலையில், ஒரு கருநீல உடைக்குள் நான் மாட்டிக்கொண்டு நின்றேன். உடை தோள் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குக் கீழே இறங்கவில்லை, மேலேயும் ஏறவில்லை. அன்று மாலை அலுவலக விருந்து. கையில் இருந்த ஒரே நல்ல சுடிதாரில் மதியம் காபி கொட்டியிருந்தது. ஊரில் பத்து வருஷமாக 36 சைஸ் குர்த்தி போடுகிறவள் நான். கடையில் 36 என்று போட்ட உடையைப் பார்த்ததும் யோசிக்காமல் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

வியர்த்து விறுவிறுத்து அதிலிருந்து வெளியே வருவதற்குள் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: குண்டாகிவிட்டோம். ஜெர்மனி வந்த மூன்று வாரத்தில் தின்ற ரொட்டியையும் சீஸையும் ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டேன். உடையில் போட்டிருந்த எண் என்ன அளவு என்று கேட்கத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் நான் இன்ஜினியரிங் படித்தவள். அலகு எழுதாமல் எண்ணை மட்டும் எழுதினால் மார்க் குறைத்த வாத்தியார்களிடம் நாலு வருஷம் படித்தவள்.

நம்மூர் குர்த்தியில் இருக்கும் 36 என்பது இஞ்ச். மார்புச் சுற்றளவு 36 இஞ்ச் உள்ளவருக்கானது என்று அர்த்தம். (சில கம்பெனிகள் உடம்பின் அளவைப் போடாமல் தைத்த துணியின் அளவைப் போடுவார்கள். அப்போது லூஸுக்கு விட்ட இரண்டு இஞ்சும் அந்த எண்ணுக்குள் சேர்ந்துவிடும். அது தனித் தலைவலி.) ஜெர்மன் 36 இஞ்சும் இல்லை, சென்டிமீட்டரும் இல்லை. மார்புச் சுற்றளவை சென்டிமீட்டரில் எடுத்து, பாதியாக்கி, அதில் ஆறைக் கழித்தால் வருவது. 84 சென்டிமீட்டர் என்றால் பாதி 42, ஆறு போக 36. என்னுடைய 36 இஞ்சை சென்டிமீட்டராக்கினால் 91.4. பாதியாக்கி ஆறைக் கழித்தால் கிட்டத்தட்ட 40. ஆக, எனக்கு இரண்டு சைஸ் சின்ன உடைக்குள்தான் நான் நுழையப் பார்த்திருக்கிறேன். இரண்டு 36-க்கும் நடுவே ஏழு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம்.

அதே 92 சென்டிமீட்டர் உடம்போடு எல்லை தாண்டி பிரான்ஸ் போனால் 42 ஆகிவிடும். அவர்கள் ஜெர்மன் எண்ணோடு இரண்டு கூட்டிக்கொள்கிறார்கள். இத்தாலி போனால் 46, அங்கே சும்மா பாதியாக்கினால் போதும், கழித்தல் கிடையாது. மூன்று நாட்டிலும் ஒரே சென்டிமீட்டர் டேப்தான், பணமும் ஒரே யூரோதான். எண் மட்டும் வேறு.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது அந்த ட்ரையல் ரூமில் அல்ல. மூன்று வருஷம் கழித்து, சென்னைக்குத் திரும்பி வேறு வேலையில் சேர்ந்த பிறகு. குர்த்திகளை வெளிநாட்டுக்கு விற்கும் ஒரு சின்ன கம்பெனிக்கு நாங்கள் இணையக் கடை கட்டிக்கொடுத்தோம். ஜெர்மனி வாடிக்கையாளர்கள் அவர்கள் ஊர் சைஸிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும், உள்ளே நம் இஞ்ச் சைஸ் குர்த்தி போக வேண்டும். வேலை என்னிடம் வந்தது. மியூனிக்கில் பட்டவள் ஆயிற்றே, சூத்திரம் கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் இரண்டே வரியில் முடித்தேன்.

```python
def de_size(bust_cm):
    return round(bust_cm / 4) * 2 - 6
```

ஜெர்மன் சைஸ்கள் இரண்டு இரண்டாக ஏறும், அதனால்தான் நான்கால் வகுத்து இரண்டால் பெருக்கினேன். 34 இஞ்ச் போட்டுப் பார்த்தேன், 38 வந்தது. 36-க்கு 40, 38-க்கு 42, 40-க்கு 44. கடைகளின் அட்டவணையோடு ஒத்துப் பார்த்தேன், எல்லாம் சரி. டெஸ்ட் எல்லாம் பச்சை. வேலை முடிந்தது என்று டிக்கெட்டை மூடினேன்.

இரண்டு மாதத்தில் திரும்பி வரும் பார்சல்கள் கூடின. கம்பெனிக்காரர் ஒரு மெயிலை எனக்கு அனுப்பி வைத்தார். ஸ்டுட்கார்ட் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி எழுதியிருந்தார். 50 ஆர்டர் செய்திருக்கிறார். குர்த்தி ரொம்ப அழகு, தன் மேல்தான் தப்பு, சமீபத்தில் எடை போட்டிருக்க வேண்டும், கையைத் தூக்க முடியவில்லை, திருப்பி அனுப்புவதற்கு மன்னிக்கவும் என்று. மன்னிப்பு இரண்டு தடவை இருந்தது.

அந்த மெயிலை வாசித்தபோது கருநீல உடைக்குள் மூச்சு முட்டியது ஞாபகம் வந்தது. எடை போட்டது அவர் இல்லை என்று எனக்குச் சந்தேகம் தட்டியது.

அவருக்குப் போனது 44 இஞ்ச் குர்த்தி. 44 இஞ்ச் என்பது 111.8 சென்டிமீட்டர். என் இரண்டு வரி அதை 50 ஆக்கியிருக்கிறது. கணக்கில் பிழை இல்லை, காகிதத்தில் போட்டாலும் 50தான் வந்தது. மறுநாள் கம்பெனியின் கட்டிங் மாஸ்டரைப் பார்க்கப் போனேன். அறுபது வயதிருக்கும், காதில் பென்சில். என் சூத்திரத்தைக் காட்டியதும் சிரித்தார்.

"ஏம்மா, நாப்பத்தாறு வரைக்கும் இது சரி. அதுக்கு மேல அவன் நாலு நாலா ஏத்த மாட்டான், ஆறு ஆறாதான் ஏத்துவான்."

"ஏன் மாஸ்டர் அப்படி?"

"பெரிய சைஸ்லயும் நாலு நாலா ஏத்தினா எத்தனை சைஸ் வெட்டி, தச்சு, அடுக்கி வெக்கிறது? கடைக்காரன் வாங்கணுமில்ல?"

அவர் சொன்னதை எழுதிப் பார்த்தேன். ஜெர்மன் 46-க்கு மார்பு 104. அதுவரை சூத்திரம் நிற்கிறது: பாதி 52, ஆறு போக 46. அடுத்த 48-க்கு 108 இல்லை, 110. அதற்கடுத்த 50-க்கு 116, 52-க்கு 122. சூத்திரத்தில் 110-ஐப் போட்டால் ஒற்றைப்படையில் 49 வந்து நிற்கும், அப்படி ஒரு சைஸே கிடையாது. என் நிரலில் `round` அந்த அபத்தத்தை அமுக்கி, இரட்டைப்படை ஆக்கி, மரியாதையாக வெளியே அனுப்பியிருக்கிறது. 111.8 சென்டிமீட்டர் உண்மையில் 48. நான் அதன் மேல் 50 என்று லேபிள் ஒட்டினேன். வழக்கமாக 50 போடுகிற பெண் கிட்டத்தட்ட 116 சென்டிமீட்டர் உடம்போடு அதை வாங்கினார். நாலு சென்டிமீட்டர் குறை. லூஸுக்கு விட்டிருந்த இடத்தை அந்தக் குறை தின்றுவிட்டது. நின்றால் சும்மா இறுக்கமாகத் தெரியும், கையைத் தூக்கினால் அக்குளில் பிடிக்கும். அவர் எழுதியது அப்படியே.

42 இஞ்சிலும் இதே தப்பு, 46 உடம்புக்கான குர்த்தி மேல் 48. 46 இஞ்சிலும் அதே, 50-க்கான குர்த்தி மேல் 52. 34 முதல் 40 வரை ஒரு தப்பும் இல்லை. அவ்வளவுதான் நான் சோதித்தது. ஏன் அதோடு நிறுத்தினேன்? என் அளவையும் அதற்கு அக்கம்பக்கத்தையும் மட்டும் போட்டுப் பார்த்திருக்கிறேன். பெரிய உடம்புக்காரர்கள் என் டெஸ்டில் இல்லை. அவர்கள் பார்சலைத் திருப்பி அனுப்பி, மன்னிப்பும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சூத்திரத்தைத் தூக்கிப் போட்டேன். ஒவ்வொரு குர்த்திக்கும் அது எந்த உடம்புக்கு என்பதை சென்டிமீட்டரில், 'இதிலிருந்து இது வரை' என்று சேமித்தேன். நாட்டு எண் என்பது அதன் மேல் ஒட்டும் பெயர், எண்ணாக இல்லாமல் வெறும் எழுத்தாக. எண்ணாக வைத்திருந்தால் யாராவது பிறகு கூட்டுவார்கள், கழிப்பார்கள். நானே அப்படிச் செய்தவள்தானே.

எழுத்தாக வைத்தது நல்லதாகப் போயிற்று. ஒரு ஜெர்மன் கடையின் பட்டியலில் 19, 76 என்றெல்லாம் சைஸ் வந்தது. எங்கள் டெஸ்டர், "அக்கா, டேட்டா கரப்ட் ஆயிருக்கு" என்று பதறினாள். இல்லை. 38-இல் பாதி 19, அது குள்ளமானவர்களுக்கான 38. இரட்டித்தால் 76, அது நெடியவர்களுக்கான 38. மார்பு மூன்றுக்கும் ஒன்றுதான். 76-ஐப் பார்த்து மலைக்கிறவர் ஒல்லியான, உயரமான பெண்ணாகத்தான் இருப்பார்.

கொரியாவின் 44, 55, 66 இன்னும் வேடிக்கை. 55 என்பது ஐம்பத்தைந்தே இல்லை, இரண்டு ஐந்து. 1980 வாக்கில் சராசரிப் பெண்ணுக்கு என்று எடுத்துக்கொண்ட உயரம் 155, மார்பு 85. இரண்டின் கடைசி இலக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒரு படி ஏறினால் 66, இறங்கினால் 44. அரசுத் தரம் பிறகு இதைக் கைவிட்டுவிட்டது, ஆனால் மக்கள் வாயில் இன்றும் 55தான். இதை இரண்டால் வகுத்து ஆறைக் கழிப்பவன் கதி என்ன ஆகும்!

அமெரிக்காவின் எண்ணுக்கு இதுபோல ஒரு சூத்திரம்கூட இல்லை. 1939-40இல் அந்த நாட்டின் விவசாயத் துறை சுமார் 15,000 பெண்களை டேப் வைத்து அளந்தது. அந்த அளவுகளிலிருந்து 1958இல் ஒரு தரம் வந்தது. அதில் சைஸ் 8 என்றால் மார்பு 31 இஞ்ச். கடைகள் அதைக் கட்டாயமாகப் பின்பற்ற வேண்டியதில்லை. சின்ன எண்ணைக் காட்டினால் வாங்குபவர் சந்தோஷப்படுகிறார் என்று கண்டுகொண்டார்கள், துணி அப்படியே இருக்க லேபிளில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. 1983இல் அந்தத் தரமும் விலக்கிக்கொள்ளப்பட்டது. இன்று பெரும்பாலான அமெரிக்கக் கடைகளில் 8 என்பது 35, 36 இஞ்ச். பெரியவர்களின் எண் இறங்கினால் ஒல்லியானவர்கள் எங்கே போவார்கள்? பூஜ்யம் வந்தது. அதற்கும் கீழே இறங்க வேண்டி வந்தபோது 00. எண்ணாகச் சேமித்தால் 0-வும் 00-வும் ஒன்றாகிவிடும், இரண்டு உடம்புகள் ஒரே பெட்டிக்குள் போய்விடும். இங்கிலாந்து 12 என்றால் அமெரிக்கா 8, நாலு கழித்தால் போதும் என்று ஒட்டுக் காகிதத்தில் எழுதித் திரிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்தக் கடையின் 12, எந்தக் கடையின் 8 என்று கேட்காதவரை அது சரியாகத்தான் தெரியும்.

அம்மாவுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. டெய்லரிடம் அளவு ஜாக்கெட்டைக் கொடுப்பார், "இதே மாதிரி, கை மட்டும் அரை இஞ்ச் லூஸா" என்பார். அம்மாவின் சைஸ் எவ்வளவு என்று இன்றுவரை அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஸ்டுட்கார்ட் பெண்மணிக்குக் கம்பெனி சார்பில் நானே பதில் எழுதினேன். தப்பு உங்களுடையது இல்லை, எங்கள் கணக்கில் இருந்தது, எப்படி நடந்தது என்று அந்த 49 கதையையும் சொன்னேன். சிரமம் இல்லையென்றால் டேப் வைத்து மார்பின் நிறைவான இடத்தில், அக்குளுக்குக் கீழே சுற்றி, இறுக்காமல், முதுகில் டேப் சரியாமல் அளந்து அனுப்பச் சொன்னேன். இரண்டு நாளில் ஒற்றை வரியில் பதில் வந்தது: 117. நாங்கள் 46 இஞ்ச் குர்த்தியை அனுப்பினோம், லேபிளில் 50 என்று போட்டு. அது திரும்பி வரவில்லை.