போஸ்டருக்கும் கடைசி பெஞ்சு உண்டு



போன வாரம் தம்பி மகள் லேப்டாப்போடு கீரப்பாளையம் வந்திருந்தாள். பிச்சாவரம் கண்டல் காடுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். ஒரு கருத்தரங்கில் தமிழிலேயே போஸ்டர் வைக்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம். "பெரியப்பா, எழுத்துப்பிழை மட்டும் பாருங்க" என்றாள்.

பிழை அதிகமில்லை. ஆனால் கட்டுரை முழுவதையும் அப்படியே கொண்டுவந்து போஸ்டரில் கொட்டியிருந்தாள். அளவு ஏ0, அதாவது 84 செ.மீ. அகலம், 119 செ.மீ. உயரம். எழுத்து 16 பாயிண்ட். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். அதுதான் ஏமாற்று.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கரும்பலகையில் எழுதியதும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். போஸ்டரை அச்சடிக்கும் முன்னால் அப்படிப் பார்க்க முடியுமா? முடியும். ஏ4 தாளின் நீள அகலம் ஏ0வில் சரியாகக் கால் பங்கு. போஸ்டரை ஏ4 தாளில் அடித்து 40 செ.மீ. தள்ளிப் பிடித்தால், பெரிய போஸ்டரை 160 செ.மீ. தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அவளுடைய 16 பாயிண்ட் தாளில் 4 பாயிண்ட் ஆகிவிட்டது. கண்ணாடி போட்டும் எனக்குப் புள்ளியே தெரியவில்லை. "பக்கம்" எது, "பகல்" எது என்று ஊகித்துத்தான் படித்தேன். தமிழில் முதலில் மறைவது அந்தப் புள்ளிதான். அதனால் புள்ளி தெரிகிறதா என்று பார்த்தாலே போதும்.

எழுத்தை 28 பாயிண்ட் ஆக்கினாள். இடம் போதவில்லை. வரி இடைவெளியைக் குறைத்துப் பார்த்தாள். மேல்வரியின் உகரக் கால் கீழ்வரியின் இகரக் கொக்கியில் இடித்தது. ஆகவே வெட்ட வேண்டியது சொற்களைத்தான். முன்னுரையில் பாதி, நூல்பட்டியலில் பெரும்பகுதி போயிற்று. பேத்துப் போட்டதெல்லாம் அவள் வாயால் சொல்லிக்கொள்ளலாமே, போஸ்டர் பக்கத்தில் அவள்தானே நிற்கப் போகிறாள்!

மிச்சத்தை ஆறு கட்டங்களாகப் பிரித்தோம். கட்டத் தலைப்புக்கு 48 பாயிண்ட். "முடிவுகள்" என்று இருந்த தலைப்பை "உப்பு கூடிய மண்ணில் வெண்கண்டலே மிஞ்சுகிறது" என்று மாற்றச் சொன்னேன். நடந்து போகிறவர் தலைப்பை மட்டும்தான் படிப்பார். "முடிவுகள்" என்று படித்து அவருக்கு என்ன தெரியும்? மேலே பெருந்தலைப்பு 90 பாயிண்ட், இரண்டே வரி.

புதுத் தாளைச் சுவரில் ஒட்டி ஒரு மீட்டர் தள்ளி நின்றேன். நான்கு மீட்டர் தூரத்துக்குச் சமம். பெருந்தலைப்பு பளிச்சென்று தெரிந்தது. கட்டத் தலைப்புகளையும் படிக்க முடிந்தது, ஒன்றைத் தவிர. இளம்பச்சைக் கட்டத்தில் மஞ்சள் எழுத்து போட்டிருந்தாள். "காடுன்னா பச்சைதானே பெரியப்பா" என்றாள். எழுத்தைக் கறுப்பாக்கிய பிறகுதான் சிதம்பரத்துக்கு அச்சடிக்க அனுப்பினேன்.