உச்சத்தைப் பிடித்து வைத்தல்

கல்லூரி லேபில் பீக் டிடெக்டர் எல்லாருக்கும் ஒரே முயற்சியில் வேலை செய்துவிடும். ஃபங்ஷன் ஜெனரேட்டரில் 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை, ஒரு 741, ஒரு டயோடு, ஒரு கெபாசிட்டர். ஆஸிலாஸ்கோப்பில் அலையின் தலையை ஒட்டி ஒரு நேர்கோடு. படம் வரைந்து கையெழுத்து வாங்கிட்டா முடிஞ்சது. அந்தச் சர்க்யூட்டுக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. லேபில் இரண்டுமே கண்ணில் படாது. ஒவ்வொரு மில்லிநொடியும் அதே உயரத்தில் ஒரு புது உச்சம் வந்து கெபாசிட்டரை நிரப்பிக்கொண்டே இருப்பதால், அது எவ்வளவு வேகமாக ஒழுகுகிறது, எவ்வளவு மெதுவாக விழித்துக்கொள்கிறது என்ற இரண்டு கேள்விகளும் எழுவதே இல்லை.

எனக்கு அந்தக் கேள்விகள் பல வருஷம் கழித்து ஒரு நண்பன் மூலமாக வந்தன. மிருதங்கம் வாசிக்கிறவன், அபார்ட்மெண்டில் குடியிருக்கிறவன். இரவு பத்து மணிக்கு மேல் சாதகம் செய்ய ரப்பர் பேடுகளுக்கு அடியில் பீசோ வட்டுகளை ஒட்டி, ஒரு ஆர்டுயினோவில் இணைத்து, ஹெட்ஃபோனில் கேட்க ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருந்தான். "பலமா தட்டினா கேக்குதுடா. விரல் நுனியால தட்டுறது பாதி காணாமப் போகுது. அதுவும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு சத்தம்" என்றான். மிருதங்கத்தில் அந்த மெல்லிய தட்டல்தான் பாதி சங்கீதம். அது போனால் மிஞ்சுவது வெறும் தாளக்கணக்கு.

அடியின் பலம் பீசோ தரும் முதல் உச்சத்தின் உயரத்தில் இருக்கிறது. அந்த உச்சம் ஒரு மில்லிநொடிக்குள் வந்து போய்விடும். ஆர்டுயினோ ஊனோ ஒரு தடவை வோல்டேஜை அளக்கச் சுமார் 100 மைக்ரோநொடி எடுக்கும். ஆறு பேடு என்றால் ஒரு சுற்றுக்கு 600. நடுவில் ஒரு மிடி செய்தியை அனுப்பினால், மூன்று பைட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு மில்லிநொடி அதற்கே போகும். ப்ராசஸர் திரும்பிப் பார்க்கும்போது உச்சம் போயிருக்கும். ஆகவே பார்க்க ஆள் வரும்வரை அந்த உயரத்தை யாராவது பிடித்து வைத்திருக்க வேண்டும்.

வெறும் டயோடும் கெபாசிட்டரும் போதாது. டயோடு தனக்கு 0.6 வோல்ட் எடுத்துக்கொண்டுதான் வழிவிடும். மெல்லிய தட்டல் தருவதே 0.3 வோல்ட் என்றால் கெபாசிட்டருக்கு எதுவுமே போய்ச் சேராது. ஆப்-ஆம்ப் இதைத்தான் சரிசெய்கிறது. டயோடைத் தாண்டி, கெபாசிட்டரின் தலையிலிருந்து ஃபீட்பேக் எடுக்கிறோம். அங்கே 0.3 வோல்ட் வரும்வரை ஆப்-ஆம்ப் தன் வெளியீட்டை உயர்த்தும், அதாவது 0.9 வரை போகும். டயோடின் கப்பத்தை அது தன் கையிலிருந்து கட்டிவிடுகிறது. உள்ளே வரும் அலை இறங்க ஆரம்பித்ததும் டயோடு அடைத்துக்கொள்ளும். கெபாசிட்டர் தனியாக நிற்கும்.

தனியாக என்று சொன்னேனே தவிர, அதைச் சுற்றி எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கிறது. பின்னோக்கி அடைத்த டயோடு வழியே சில நானோஆம்பியர், ஆப்-ஆம்பின் உள்ளீட்டில் கொஞ்சம், ரீசெட் செய்ய வைத்த டிரான்சிஸ்டர் வழியே கொஞ்சம். 741-இன் உள்ளீடு மட்டுமே சாதாரணமாக 80 நானோஆம்பியர் கேட்கும். எல்லாம் சேர்த்து 100 என்று வைத்துக்கொள்வோம். வோல்டேஜ் இறங்கும் வேகம் = மின்னோட்டம் ÷ கெபாசிட்டர் மதிப்பு. 10 நானோஃபாரட் வைத்தால் நொடிக்கு 10 வோல்ட். நாம் 5 மில்லிநொடி பிடித்து வைக்க வேண்டும். அதற்குள் 50 மில்லிவோல்ட் போய்விடும். ஆர்டுயினோவின் ஒரு படி ஏறத்தாழ 5 மில்லிவோல்ட். பத்துப் படி இழப்பு. ப்ராசஸர் எப்போது வந்து பார்க்கிறதோ அதைப் பொறுத்து இழப்பும் மாறும் என்பதால், ஒரே அடி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண்ணாக வரும்.

சரி, கெபாசிட்டரைப் பெரிதாக்கலாமே? 100 நானோஃபாரட் வைத்தால் இழப்பு ஒரு படிக்குள் அடங்கும். ஆனால் பெரிய குடத்தை நிரப்ப நேரமாகும். ஆப்-ஆம்ப் தரக்கூடியது 20 மில்லிஆம்பியர் என்றால், 5 வோல்ட் ஏற்ற 100 நானோஃபாரட்டுக்கு 25 மைக்ரோநொடி. நம் பேடுக்கு அது பரவாயில்லை. பயந்து 1 மைக்ரோஃபாரட் போட்டால் 250. கூர்மையான அடியின் உச்சம் அதற்குள் வந்து போயிருக்கும்.

இன்னொரு தாமதம் கெபாசிட்டரில் இல்லை, ஆப்-ஆம்பில் இருக்கிறது. பிடித்து வைத்திருக்கும் நேரத்தில் அதற்கு ஃபீட்பேக் அறுந்துபோகிறது. உள்ளே வருவது கெபாசிட்டரில் இருப்பதைவிடக் குறைவு என்பதால், வெளியீடு போகமுடிந்த அடிமட்டத்துக்குப் போய்க் கிடக்கும். ±12 வோல்ட் சப்ளையில் சுமார் −10.5. இப்போ கெபாசிட்டரில் 3 வோல்ட் இருக்கிறது, அடுத்து 3.05 வோல்ட் உச்சம் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 கிலோஹெர்ட்ஸ் அலையாக இருந்தால் அது 3 வோல்ட்டுக்கு மேல் இருப்பது மொத்தம் 29 மைக்ரோநொடிதான். ஆப்-ஆம்ப் −10.5-இலிருந்து 3.6-க்கு, அதாவது 14 வோல்ட், ஏறியாக வேண்டும். 741-இன் வேகம் மைக்ரோநொடிக்கு அரை வோல்ட். 28 மைக்ரோநொடி. அது வந்து கதவைத் திறக்கும்போது விருந்தாளி படியிறங்கிக்கொண்டிருப்பார்.

இதற்குப் பழைய வைத்தியம் ஒன்று உண்டு. கெபாசிட்டருக்குப் பின்னால் இரண்டாவது ஆப்-ஆம்ப் ஒன்றை பஃபராக வைத்து, ஃபீட்பேக்கை அதன் வெளியீட்டிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கொண்டுவருவது. முதல் ஆப்-ஆம்பின் வெளியீட்டுக்கும் மைனஸ் உள்ளீட்டுக்கும் நடுவே இன்னொரு டயோடு. காத்திருக்கும் நேரத்தில் வெளியீடு அதலபாதாளத்துக்குப் போகாமல், உள்ளே வரும் அலைக்கு 0.6 வோல்ட் கீழேயே கூடவே நடக்கும். உச்சம் வந்ததும் ஏற வேண்டியது ஒரு வோல்ட் சொச்சம்தான்.

நண்பனுக்கு நாங்கள் வைத்தது டிஎல்072. ஒரே சிப்பில் இரண்டு ஆப்-ஆம்ப், மைக்ரோநொடிக்கு 13 வோல்ட் வேகம், உள்ளீட்டு மின்னோட்டம் நானோவில் இல்லை, பிக்கோஆம்பியரில். ஒழுகல் மொத்தம் 5 நானோஆம்பியர் அளவுக்கு இறங்கியதால் 10 நானோஃபாரட்டே போதுமானதாகிவிட்டது. 5 மில்லிநொடியில் 2.5 மில்லிவோல்ட் இழப்பு, அரைப் படி. நிரப்ப 2.5 மைக்ரோநொடி. ஒழுகலைக் குறைத்ததால்தான் வேகமும் சேர்ந்து கிடைத்தது.

சரிபார்க்கும்போது ஒரு விஷயம் கவனிக்கணும். மல்டிமீட்டரை நேராகக் கெபாசிட்டரில் வைத்தால் மீட்டரே 10 மெகாஓம் பாதை போட்டுக்கொடுத்துவிடும். 3 வோல்ட்டில் அது 300 நானோஆம்பியர், மற்ற எல்லா ஒழுகலையும் விட அதிகம். ஆஸிலாஸ்கோப்பின் 10× ப்ரோபும் அதே கதைதான். அதனால் எப்போதும் பஃபரின் வெளியீட்டில்தான் அளக்க வேண்டும். அங்கே வோல்டேஜ் நேர்கோட்டில் இறங்கினால் டயோடு மாதிரி ஏதோ ஒன்று சீராக உறிஞ்சுகிறது. முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் வளைந்து இறங்கினால் எங்கோ ரெசிஸ்டர் போல ஒரு பாதை இருக்கிறது. பெரும்பாலும் போர்டில் துடைக்காமல் விட்ட ஃப்ளக்ஸ்.

டயோடின் ஒழுகல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஏசி அறையின் 25 டிகிரியில் அளந்த கணக்கு, மே மாத மொட்டைமாடி அறையின் 45 டிகிரியில் நான்கு மடங்கு. அரைப் படி இரண்டு படியாகும். அந்த இரண்டு படி விரல் நுனிக்குத் தெரியுமா என்று அவனைக் கேட்டேன். "அடிக்கு அடி மாறாம இருந்தா போதும்டா, மத்ததை விரல் பழகிக்கும்" என்றான்.