1500-க்கும் 1440-க்கும் நடுவே

எலெக்ட்ரிகல் மெஷின்ஸ் பாடத்துக்கு ஸ்லைடு போட்டு நடத்தும்போது மாணவர்கள் வழக்கமாக ஒரே இடத்தில்தான் தடுக்கி நிற்பார்கள். இன்டக்‌ஷன் மோட்டாரின் ரோட்டாருக்கு எந்த வயரும் போவதில்லை, கார்பன் பிரஷ்ஷும் கிடையாது. அப்படியிருக்க, அது எதனால் சுற்றுகிறது? திரையில் மூன்று அம்புக்குறிகள் சுழல்வதைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். தேர்விலும் எழுதிவிடுவார்கள். ஆனால் மனசு ஒப்பியிருக்காது. இதைக் கண்ணால் காட்டக்கூடிய இடம் எது என்று விசாரித்துக்கொண்டு, கோவை ஆவாரம்பாளையம் பக்கம் ஒரு ரீவைண்டிங் பட்டறைக்குப் போனேன். ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல் இந்தியாவிலேயே செய்த முதல் மின் மோட்டாரை உருவாக்கிய ஊர் இது. கிணற்று மோட்டார் காயில் எரிந்தால் சுற்றுவட்டார விவசாயிகள் இங்கேதான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

மேஜை மேல் 5 எச்.பி. மோட்டார் ஒன்று பிரித்துக் கிடந்தது. வார்னிஷ் கருகிய வாடை பட்டறை முழுக்க அடித்தது. பட்டறைக்காரர் ஸ்டேட்டரை வெளிச்சத்துக்குத் திருப்பினார். வட்டத்தில் சம தூரம் விட்டு நான்கு இடங்களில் மட்டும் காயில் கருகியிருந்தது. நடுவில் இருந்த காயில்கள் புதுசு போலவே இருந்தன.

"பார்த்தீங்களா சார், ஒரு பேஸ் மட்டும் மொத்தமாப் போயிருக்குது. டெல்டாவில ஓடுன மோட்டார்ங்க இது. லைன்ல ஒரு பேஸ் வராம ஓட்டியிருக்காங்க. ஸ்டார் கனெக்‌ஷனா இருந்தா ரெண்டு பேஸ் கருகி ஒண்ணு தப்பிச்சிருக்கும்."

ஓவர்லோடில் எரிந்திருந்தால் மூன்று பேஸும் ஒன்றுபோலக் கருகியிருக்கும் என்றும் சொன்னார். எரிந்த தடத்தை வைத்தே காரணத்தைச் சொல்லும் இந்தக் கண், எந்தப் பாடப்புத்தகமும் கொடுக்காதது.

பக்கத்தில் ஒரு அக்கா இதே அளவுள்ள இன்னொரு ஸ்டேட்டருக்குக் காயில் இறக்கிக்கொண்டிருந்தார். அதில் 36 ஸ்லாட். நான்கு போல் மோட்டார் என்பதால் ஒரு போலுக்கு 9 ஸ்லாட். ஆர் பேஸ் 1-ஆம் ஸ்லாட்டில் தொடங்கினால் ஒய் பேஸ் 7-ல், பி பேஸ் 13-ல் தொடங்க வேண்டும். இந்த ஆறு ஸ்லாட் இடைவெளிதான் விஷயத்தின் வேர். மின்வாரியம் அனுப்பும் மூன்று பேஸ்களும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளித் தள்ளி வருகின்றன. 50 ஹெர்ட்ஸில் ஒரு சுழற்சிக்கு 20 மில்லிசெகண்ட். ஆகவே ஆர் பேஸ் உச்சத்தைத் தொட்டு ஏறக்குறைய 6.7 மில்லிசெகண்ட் கழித்து ஒய் உச்சத்துக்கு வரும், இன்னொரு 6.7 கழித்து பி வரும். நேரத்தில் இப்படித் தள்ளி வரும் மூன்றையும் இடத்திலும் அதே கணக்கில் தள்ளி வைத்தால், காந்தப்புலத்தின் உச்சி ஆர் காயிலிலிருந்து ஒய் காயிலுக்கும் அங்கிருந்து பி காயிலுக்கும் நகர்ந்துகொண்டே போகும். காயில்கள் இருந்த இடத்தில் அசையாமல் இருக்கின்றன. புலம் மட்டும் சுற்றுகிறது. ஆர் உச்சத்தில் இருக்கும் கணத்தில் மற்ற இரண்டும் எதிர்த்திசையில் பாதி அளவு ஓடுவதால் அவையும் ஆருக்கே துணை நிற்கின்றன. கூட்டிப் பார்த்தால் ஒரு பேஸ் தரும் உச்சத்தைப் போல ஒன்றரை மடங்கு. எந்தக் கணத்தில் அளந்தாலும் அந்த ஒன்றரை மாறுவதில்லை, திசைதான் மாறுகிறது.

நான் தேடிப் போன காட்சி அதன் பிறகு கிடைத்தது. கனெக்‌ஷன் முடிந்திருந்த வேறொரு ஸ்டேட்டரை டிம்மரில் மாட்டினார்கள். உள்ளே ரோட்டார் இல்லாதபோது முழு வோல்டேஜ் கொடுத்தால் கரண்ட் எகிறிவிடும். அதனால் சில பத்து வோல்ட்தான். பட்டறைத் தம்பி ஒரு சின்னப் பேரிங்கை ஸ்க்ரூடிரைவர் தண்டில் செருகி ஸ்டேட்டர் வாய்க்குள் நீட்டினார். பேரிங்கின் வெளிவளையம் சர்ரென்று சுற்ற ஆரம்பித்தது. யாரும் தொடவில்லை, வயரும் இல்லை. ஸ்டேட்டரின் உட்சுவரை ஒட்டி மெதுவாக ஒரு வட்டம் கொண்டுபோனார். "எங்கியாவது ஒரு காயிலைத் திருப்பிக் குடுத்திருந்தா அந்த இடத்தில வளையம் தயங்கும் சார்" என்றார். பிறகு இரண்டு லீடுகளை இடம் மாற்றிக் கொடுத்ததும் வளையம் எதிர்ப்பக்கம் சுற்றியது. ஒரு லீடைக் கழற்றியபோது நின்றுபோய் அதிர்ந்தது. ஒரு பேஸ் போனால் புலம் சுற்றுவதை விட்டுவிட்டு ஒரே கோட்டில் முன்னும் பின்னும் துடிக்கிறது. நின்றிருக்கும் மோட்டாரை அதனால் கிளப்ப முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் திணறியபடி ஓடும், மிச்சமிருக்கும் வயர்களில் கரண்டை இழுத்துக் காயிலைச் சுடும். மேஜை மேல் கருகிக் கிடந்ததற்கு நடந்தது இதுதான்.

அடுத்து ரோட்டார். இரும்புத் தகடுகளின் அடுக்குக்குள் வார்த்த அலுமினியக் கம்பிகள், இரு முனையிலும் அவற்றை இணைக்கும் வளையங்கள், அவ்வளவுதான். நான்கு போல் ஸ்டேட்டரில் புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும். ரோட்டார் நிற்கும்போது அந்தப் புலம் கம்பிகளை முழு வேகத்தில் வெட்டிக்கொண்டு போகிறது. கம்பிகளில் வோல்டேஜ் பிறக்கிறது. முனைகள் இணைந்திருப்பதால் கரண்ட் ஓடுகிறது. காந்தப்புலத்துக்குள் கரண்ட் ஓடும் கம்பியைப் புலம் தான் போகும் திசையிலேயே தள்ளுகிறது. ரோட்டார் வேகம் பிடிக்கப் பிடிக்க வெட்டு குறையும். 1500-ஐ அது எட்டிவிட்டால் வெட்டே இருக்காது. வெட்டு இல்லையேல் கரண்ட் இல்லை, கரண்ட் இல்லையேல் தள்ளும் விசை இல்லை. ஆகவே தன் சொந்த பலத்தில் ரோட்டார் புலத்தை ஒருபோதும் எட்டிப் பிடிக்காது. பின்தங்குவதால்தான் அது சுற்றுகிறது. இந்தப் பின்தங்கலுக்குத்தான் ஸ்லிப் என்று பெயர்.

ரீவைண்ட் முடிந்த ஒரு மோட்டாரை லோடு இல்லாமல் ஓடவிட்டு, ஷாஃப்டில் பளபளக்கும் ஒட்டுத்தாள் ஒட்டி டாக்கோமீட்டரைக் காட்டினார்கள். 1490-க்கு மேல் ஊசலாடியது. பேரிங் உராய்வையும் ஃபேன் காற்றையும் சமாளிக்க அந்தச் சிறு இடைவெளி போதும். அதே மோட்டாரின் பெயர்ப்பலகையில் முழு லோடுக்கு 1440 என்று பொறித்திருந்தது. 60 சுற்றுக் குறைவு, அதாவது 4 சதவீத ஸ்லிப். புலம் ரோட்டாரை நொடிக்கு ஒருமுறை முந்துகிறது என்று பொருள். நான்கு போல் என்பதால் ரோட்டார் கம்பிகளில் ஓடும் கரண்டுக்கு 2 ஹெர்ட்ஸ் மட்டுமே. லோடு ஏறினால் ரோட்டார் இன்னும் கொஞ்சம் பின்தங்கும், வெட்டு கூடும், விசை கூடும். கவர்னரோ கன்ட்ரோலோ இல்லாமல் மோட்டார் தன் தேவையைத் தானே பார்த்துக்கொள்வது எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான்.

அந்த 4 சதவீதம் இலவசமாக வருவதில்லை. காற்றிடைவெளியைத் தாண்டி ரோட்டாருக்கு வரும் சக்தியில் ஸ்லிப் எத்தனை சதவீதமோ அத்தனை சதவீதம் ரோட்டாரில் வெப்பமாகப் போகிறது. 5 எச்.பி. மோட்டாரில் அது 150 வாட் சொச்சம். இனி கிணற்றடியில் வோல்டேஜ் 415-லிருந்து 350-க்கு இறங்கியதாக வைத்துக்கொள்வோம். விசை வோல்டேஜின் இருபடிப்படி குறைவதால், அதே ஸ்லிப்பில் முன்பு கிடைத்ததில் 71 சதவீதம்தான் கிடைக்கும். லோடு மாறாமல் இருந்தால் மோட்டார் சுமார் 5.6 சதவீதம் பின்தங்கி 1415-க்கு இறங்கித்தான் ஈடுகட்டும். ரோட்டார் வெப்பம் 200 வாட்டைத் தாண்டும், ஸ்டேட்டர் கரண்டும் ஏறும். வோல்டேஜ் மேலும் விழுந்தால் ஈடுகட்டவும் வழியின்றி நின்றுவிடும்.

வோல்டேஜ் சரியாக இருந்தும் ரீவைண்ட் செய்த மோட்டார் அதே பம்ப்பில் பலகை வேகத்துக்கும் வெகுவாகக் கீழே ஓடினால், ரோட்டார் கம்பி ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆம்மீட்டர் முள் ஒரே சீராக முன்னும் பின்னும் ஆடுவது அதற்கு இன்னொரு அடையாளம். கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்கள் ஸ்டார்ட்டரில் சிங்கிள் பேஸ் தடுப்பான் ஒன்றைக் கட்டாயம் போட்டுவிடுங்கள். ஒரு ரீவைண்டிங் செலவோடு ஒப்பிட்டால் அதன் விலை குறைவுதான்.